பாட்டிலில் ஒட்டிய பணம்: சிறு கடைகள் சேர்ந்து நடத்தும் டெபாசிட் திட்டத்தின் கணக்கு

ஒரு ஊரில் இரண்டு கடைகள். ஒன்று பேருந்து நிலையத்தின் வாசலில் இருக்கிறது. வாரத்துக்கு 900 குளிர்பான பாட்டில் விற்கிறது. ஆனால் வாங்கியவர்கள் பேருந்தில் ஏறிப் போய்விடுவதால் காலி பாட்டில் 150 திரும்பி வந்தாலே பெரிது. இன்னொன்று வீடுகளுக்கு நடுவே இருக்கும் தெருமுனைக் கடை. அங்கே விற்பது 150 தான். காலி பாட்டிலைக் கொடுக்க அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் அதுதான் வசதி என்பதால் வாரத்துக்கு 500 பாட்டில் வந்து சேர்கிறது.

பாட்டிலுக்கு டெபாசிட் வாங்கி, காலி பாட்டில் வந்தால் திருப்பிக் கொடுக்கும் திட்டத்தை இந்த ஊரில் கொண்டுவந்தால், முதல் கடைக்காரரின் கல்லாவில் பணம் சேரும், இரண்டாவது கடைக்காரரின் கல்லாவிலிருந்து பணம் போகும். இதைத் தீர்க்காத திட்டம் சில வாரங்களில் நின்றுவிடும். தெருமுனைக் கடைக்காரர் நஷ்டத்தைப் பற்றி யாரிடமும் முறையிட மாட்டார். "சில்லறை இல்லை, நாளைக்குக் கொண்டு வாங்க" என்று சொல்ல ஆரம்பிப்பார். நாலு பேர் அப்படித் திரும்பிப் போனால் ஐந்தாவது ஆள் பாட்டிலைக் கொண்டு வருவதில்லை.

இதற்கு முதலில் எல்லாருக்கும் தோன்றும் வழி, "அவரவர் விற்ற பாட்டிலை அவரவரே திரும்ப வாங்கிக்கொள்ளட்டும்" என்பது. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஜெர்மனி 2003 ஜனவரியில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பாட்டில்களுக்குக் கட்டாய டெபாசிட் கொண்டுவந்தபோது கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. முதல் சில மாதங்கள் வாங்கிய கடையில்தான் திருப்பிக் கொடுக்க முடிந்தது. அதன்பிறகும் பெரிய கடைத்தொடர்கள் தமக்கென்று தனி வடிவத்தில் பாட்டில் செய்து, அந்த வடிவத்தை மட்டும் திரும்ப வாங்கின. அங்கே இதைத் 'தீவுத் தீர்வு' என்று அழைத்தார்கள். 2006 மே மாதத்திலிருந்து இந்தத் தீவுகள் முடிவுக்கு வந்தன. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலை விற்கும் கடை, அது எங்கே வாங்கிய பாட்டிலாக இருந்தாலும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆயிற்று. 200 சதுர மீட்டருக்குக் குறைவான சிறு கடைகளுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. தாம் விற்கும் பிராண்டுகளை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டால் போதும்.

எந்தக் கடையிலும் கொடுக்கலாம் என்றால்தான் மக்கள் கொடுப்பார்கள். அப்படியென்றால் டெபாசிட் பணம் எந்தக் கடைக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது. அது எல்லாக் கடைகளுக்கும் மேலே ஒரு பொது நிதியில் இருக்க வேண்டும். பாட்டில் எங்கே போகிறதோ, பணமும் அதன் பின்னால் அங்கே போக வேண்டும். பெரிய நாடுகள் இதை உற்பத்தியாளரிடம் டெபாசிட் வாங்கி, பார்கோடு வைத்து, பாட்டிலை விழுங்கும் இயந்திரங்கள் வைத்துச் செய்கின்றன. நாற்பது சிறு கடைகள் உள்ள ஊரில் இயந்திரம் கிடையாது. உற்பத்தியாளரும் இந்த ஊருக்கென்று தனி பாட்டில் அடித்துக் கொடுக்கப்போவதில்லை. அங்கே அந்த வேலையைச் செய்யக்கூடியது ஒரு ஸ்டிக்கர்.

ஸ்டிக்கரே பணம்

முறை இதுதான். கடைகள் சேர்ந்து ஒரு குழு அமைக்கின்றன. குழு ஸ்டிக்கர் அச்சடித்து, டெபாசிட் மதிப்புக்கே கடைகளுக்கு விற்கிறது. கடைக்காரர் அதைப் பாட்டிலில் ஒட்டி, விலையோடு டெபாசிட்டையும் சேர்த்து வாங்குகிறார். ஸ்டிக்கர் உள்ள காலி பாட்டிலை எந்தக் கடையில் கொடுத்தாலும் டெபாசிட் கையில் கிடைக்கும். குழுவின் வண்டி வந்து பாட்டில்களை எடுத்துக்கொண்டு, கடைக்காரர் கொடுத்த டெபாசிட்டையும் ஒரு சிறு கூலியையும் தந்துவிட்டுப் போகும். யார் எத்தனை விற்றார், யார் எத்தனை வாங்கினார் என்று கடைகளுக்குள் கணக்குத் தீர்க்கும் வேலையே இல்லை. எல்லாக் கணக்கும் குழுவோடுதான்.

ஸ்டிக்கர் இன்னொரு சிக்கலையும் தீர்க்கிறது. அடுத்த ஊரில் வாங்கிய பாட்டிலும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். அதற்கு யாரும் டெபாசிட் கட்டியிருக்க மாட்டார்கள். ஸ்டிக்கர் இல்லாமல் திட்டம் தொடங்கினால் அக்கம்பக்கத்து ஊர்களின் காலி பாட்டில் எல்லாம் இங்கே வந்து பணமாகிவிடும், நிதி காலியாகும்.

ஸ்டிக்கர் சின்ன விஷயம் போலத் தெரியும். என் எண்ணத்தில் திட்டத்தின் பாதி அதில்தான் இருக்கிறது. சாதாரணக் காகித ஸ்டிக்கர் குளிர்பதனப் பெட்டியில் வியர்த்து, நைந்து, உரிந்துவிடும். மெல்லிய பாலிபுரோப்பிலீன் தாளில் அச்சடித்த ஸ்டிக்கர் தண்ணீருக்குத் தாங்கும். அதில் ஒரு கூடுதல் நன்மையும் உண்டு. பாட்டில் செய்யப்படும் பெட் பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கனமானது, மூழ்கும். பாலிபுரோப்பிலீன் மிதக்கும். மறுசுழற்சி ஆலையில் நொறுக்கிக் கழுவும்போது இரண்டும் தாமாகப் பிரிந்துவிடும். பிவிசி தாளில் அச்சடித்தால் அதுவும் மூழ்கும், பெட் துகளோடு கலந்து அதைக் கெடுக்கும். அச்சகத்தில் இதைச் சொல்லிவைக்காவிட்டால் எது கையில் இருக்கிறதோ அதில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். பசையும் வெந்நீரில் கழன்றுவிடும் வகையாக இருக்க வேண்டும்.

எங்கே ஒட்டுவது? மூடியில் ஒட்டலாம் என்று பலர் சொல்வார்கள், ஒட்டுவது சுலபம். ஆனால் மூடியைத் திறந்தால் கிழியும், மூடி தொலைந்தால் டெபாசிட்டும் தொலையும். பாட்டிலின் லேபிளுக்குக் கீழே, எல்லாக் கடையிலும் ஒரே இடத்தில் ஒட்ட வேண்டும். உரித்தெடுத்து வேறு பாட்டிலில் ஒட்ட முடியாதபடி ஸ்டிக்கரில் குறுக்கே நுண்ணிய வெட்டுகள் இருக்க வேண்டும். எடுக்கப் பார்த்தால் துண்டு துண்டாக வரும். பாட்டிலைக் குளிரவைக்கும் முன்பே, காய்ந்திருக்கும்போதே ஒட்டிவிட வேண்டும். ஈரப் பாட்டிலில் ஒட்டிய ஸ்டிக்கர் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் விழுந்துவிடும். வாடிக்கையாளர் "டெபாசிட் கொடுத்தேனே" என்று வந்து நிற்பார். அவர் சொல்வது உண்மையும்தான், ஆனால் கடைக்காரரால் எதுவும் செய்ய முடியாது. தொடக்க வாரங்களில் நடக்கும் சண்டைகளில் நிறைய இப்படிப்பட்டவைதான்.

ஸ்டிக்கரை விநியோகஸ்தரின் கிடங்கிலேயே ஒட்டிவிடலாமே என்று கேட்கலாம். எல்லாக் கடைக்கும் சரக்கு இரண்டு மூன்று பேரிடமிருந்துதான் வருகிறது என்றால் கண்காணிக்க அது வசதி. ஆனால் பாட்டில்கள் பிளாஸ்டிக் தாளால் கட்டாகச் சுற்றப்பட்டு வருகின்றன. ஒட்ட வேண்டுமென்றால் கட்டைப் பிரிக்க வேண்டும், பிரித்த சரக்கை வண்டியில் ஏற்றுவது தொல்லை. விநியோகஸ்தர் அடுத்த ஊருக்கும் அதே கிடங்கிலிருந்துதான் அனுப்புவார். கடையில் எப்படியும் கட்டைப் பிரித்து அடுக்குகிறார்கள், அந்த நேரத்தில் ஒட்டுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஆனால் விநியோகஸ்தரிடம் ஒரு தகவல் மட்டும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்: எந்தக் கடைக்கு எத்தனை கட்டு போனது என்பது. அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

கைமுதல் யாருடையது

இனி எண்களோடு பார்ப்போம். எந்த நாட்டுப் பணமாகவும் எடுத்துக்கொள்ள வசதியாகப் பணத்தை 'காசு' என்றே சொல்கிறேன். ஒரு சிறு பாட்டில் பானத்தின் விலை 20 காசு. டெபாசிட் 2 காசு. நாற்பது கடைகளும் சேர்ந்து வாரத்துக்கு 12,000 பாட்டில் விற்கின்றன.

டெபாசிட் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குச் சூத்திரம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1971-ல் டெபாசிட் சட்டம் இயற்றியது. தொகை 5 சென்ட். விலைவாசி ஏறிக்கொண்டே போக, அந்த 5 சென்ட் மட்டும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தது. திரும்பி வரும் பாட்டிலின் அளவு குறைந்துகொண்டே வந்தது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் 80 சதவீதத்துக்குக் கீழே போனதால், 2017 ஏப்ரலில் 10 சென்டாக உயர்த்தினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அது மறுபடி 80-ஐத் தாண்டியது. குனிந்து எடுக்கத் தோன்றும் அளவுக்கு டெபாசிட் இருக்க வேண்டும், அதே நேரம் பானம் வாங்கவே யோசிக்கவைக்கும் அளவுக்குப் போகக் கூடாது. விலையில் பத்தில் ஒரு பங்கு என்று இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

தெருமுனைக் கடைக்கு வருவோம். அவர் வாரத்துக்கு 150 ஸ்டிக்கர் வாங்க 300 காசு கொடுக்கிறார், அது விற்கும்போது அவருக்குத் திரும்ப வந்துவிடுகிறது. அதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் திரும்பி வரும் 500 பாட்டிலுக்கு 1,000 காசை அவர் சொந்தக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். வண்டி வாரம் ஒருமுறை வந்தால் அதுவரை அந்த 1,000 காசு முடங்கிக் கிடக்கும். 50 பாட்டில் பானத்தின் விலை அது. சின்னக் கடைக்கு அது சரக்கு வாங்க வைத்திருக்கும் பணம். நான் முதலில் சொன்ன "சில்லறை இல்லை" என்ற பதில் பிறப்பது இங்கேதான்.

இதற்கு இரண்டு காரியம் செய்ய வேண்டும். வண்டி வாரம் இரண்டு முறை போக வேண்டும், போகிற இடத்திலேயே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட வேண்டும். "மாதக் கடைசியில் சேர்த்துத் தருகிறோம்" என்பது இந்தக் கடைக்காரருக்குப் பொருந்தாது. அடுத்து, அரை வாரத்துக்குத் தேவைப்படும் 500 காசைக் குழுவே அவருக்குக் கைமுதலாக முன்கூட்டிக் கொடுத்து வைக்க வேண்டும். திட்டத்தை விட்டு விலகும்போது அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பேருந்து நிலையக் கடைக்கு 150 காசு கைமுதல் போதும். எல்லாருக்கும் ஒரே தொகை என்று பிரித்தால், தேவையில்லாதவரிடம் பணம் தூங்கும், தேவைப்படுபவரிடம் பற்றாக்குறை இருக்கும். ஒரு மாதம் கணக்கைப் பார்த்துவிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பாட்டில் வாங்கி வைப்பதற்குக் கூலியும் உண்டு. ஒரு பாட்டிலை வாங்கி, ஸ்டிக்கரைப் பார்த்து, சாக்கில் போட்டு, காசு எடுத்துக் கொடுக்க ஏறக்குறைய 10 விநாடி ஆகும் என்று வைப்போம். 500 பாட்டிலுக்கு ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதோடு சாக்குக்கு இடம், எறும்பு, குளவி, கடை மூலையில் புளித்துப்போன சர்க்கரை வாசனை. பாட்டிலுக்கு 0.3 காசு கூலி என்றால் அவருக்கு வாரம் 150 காசு கிடைக்கும். இந்தக் கூலியைக் குறைத்து நிதியை மிச்சப்படுத்தலாம் என்று நினைப்பவர்கள், மனசில்லாமல் வாங்கும் கடைக்காரர் திட்டத்துக்கு எவ்வளவு கேடு செய்ய முடியும் என்பதை யோசிக்க வேண்டும். அவர் எதையும் மறுக்க வேண்டியதில்லை, கொஞ்சம் முகத்தைச் சுளித்தாலே போதும்.

கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தால்

திட்டம் நிலைபெற்று, விற்றதில் 80 சதவீதம் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 12,000 ஸ்டிக்கர் விற்று 24,000 காசு வருகிறது. 9,600 பாட்டில் திரும்பி வந்ததற்கு 19,200 காசு போகிறது. திரும்பாத 2,400 பாட்டிலின் டெபாசிட் 4,800 காசு நிதியில் தங்குகிறது. அரை லிட்டர் பாட்டில் மூடியோடு சேர்த்து ஏறக்குறைய 20 கிராம், ஆக 192 கிலோ பிளாஸ்டிக். தரம் பிரித்த சுத்தமான பெட் என்பதால் கிலோவுக்கு 20 காசு கிடைத்தால் 3,840 காசு. மொத்த வரவு 8,640.

செலவில் கடைகளுக்கான கூலி 2,880. வண்டிக்கும் ஆட்களுக்கும் 2,500 என்று வைக்கலாம். நசுக்காத 9,600 பாட்டில் கிட்டத்தட்ட பத்து கன மீட்டர் இடம் அடைக்கும், சின்ன வண்டிக்கு மூன்று நான்கு நடை. ஸ்டிக்கர் அச்சடிக்க ஒன்றுக்கு 0.1 காசு வீதம் 1,200. எண்ணிப் பார்க்கவும் கணக்கு எழுதவும் ஒருவருக்கு 1,500. மொத்தம் 8,080. வாரத்துக்கு 560 காசு மிஞ்சுகிறது. பரவாயில்லையே என்று தோன்றும்.

இப்போது திட்டம் இன்னும் நன்றாக நடக்கிறது, 90 சதவீதம் திரும்பி வருகிறது. திரும்பாத டெபாசிட் 2,400 காசாகப் பாதியாகிவிடும். பிளாஸ்டிக் விற்ற பணம் 4,320 ஆகும். வரவு 6,720. கூலி 3,240, வண்டி கொஞ்சம் கூடி 2,700, மற்ற இரண்டும் அப்படியே. செலவு 8,640. வாரத்துக்கு 1,920 காசு பள்ளம்.

மக்கள் ஒத்துழைக்க ஒத்துழைக்கத் திட்டம் ஏழையாகிறது. திரும்பாத டெபாசிட்டை நம்பிச் செலவைத் திட்டமிட்டால் இதுதான் நடக்கும். அதைவிட மோசமான ஒன்றும் இதற்குள் இருக்கிறது. பாட்டில் திரும்பி வராமல் இருப்பதில் குழுவுக்கே ஆதாயம் வந்துவிடுகிறது. வண்டி தாமதமாக வந்தாலும், வாங்கும் நேரத்தைக் குறைத்தாலும் நிதி பெருகும். அப்படி ஒரு ஆசை உள்ளே உட்கார இடமே கொடுக்கக் கூடாது.

வழி எளிது, ஆனால் முதல் நாளே செய்ய வேண்டும். ஸ்டிக்கரின் விலையை 2.2 காசாக வைக்க வேண்டும். 2 காசு திரும்பி வரும் டெபாசிட், 0.2 காசு திரும்பாத நடத்துச்செலவு. வாரத்துக்கு 2,400 காசு கூடுதலாக வரும், 90 சதவீதம் திரும்பினாலும் பள்ளம் நிரம்பி 480 காசு மிஞ்சும். நார்வேயில் இந்தச் செலவின் ஒரு பகுதியை உற்பத்தியாளர்கள் கட்டணமாகக் கொடுக்கிறார்கள். பாட்டில் அதிகமாகத் திரும்பினால் அவர்கள் கட்டும் சுற்றுச்சூழல் வரி குறைகிறது, 95 சதவீதத்தைத் தொட்டால் வரியே இல்லை. திரும்பி வருவதில் பணம் கொடுப்பவருக்கும் ஆதாயம் இருக்கும்படி அங்கே அமைத்திருக்கிறார்கள். சிறு ஊரில் அந்த அதிகாரம் கிடையாது. அந்த 0.2 காசை வாடிக்கையாளரிடம் வாங்குவதா, கடைக்காரர் ஏற்பதா, விநியோகஸ்தரிடம் கேட்பதா என்பதைக் குழு பேசி முடிவு செய்துகொள்ளலாம். யார் கொடுத்தாலும் சரி, அது டெபாசிட்டோடு கலக்காமல் தனிக் கணக்கில் இருக்க வேண்டும்.

முதல் மாதத்தின் பொய்யான செழிப்பு

திட்டம் தொடங்கும்போது கடைகள் இரண்டு வாரத்துக்கான ஸ்டிக்கரை வாங்கி வைப்பார்கள். 24,000 ஸ்டிக்கர், 48,000 காசு ஒரே நாளில் வந்து சேரும். நடத்துச்செலவை இங்கே தள்ளிவிட்டு டெபாசிட்டை மட்டும் பார்க்கிறேன். முதல் வாரத்தில் 2,000 பாட்டில் திரும்பினால் போவது 4,000. வாரக் கடைசியில் நிதியில் 44,000 காசு இருக்கும். குழுவில் ஒருவராவது "இவ்வளவு இருக்கிறதே, ஒரு வண்டி வாங்கிவிடலாம்" என்பார்.

அந்தப் பணம் குழுவுடையது இல்லை. 80 சதவீதம் திரும்பும் என்று கொண்டால் இந்த 24,000-ல் 19,200 வரும். வந்தது 2,000 தான், இன்னும் 17,200 வீடுகளிலும் கடை அலமாரிகளிலும் இருக்கின்றன. அவற்றுக்கான 34,400 காசு கடன். மிச்சம் தெரியும் 9,600-ஐயும் நம்ப முடியாது. திரும்புவது 90 சதவீதமானால் அது 4,800 ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு வாரமும் கணக்கு எழுதும்போது 'கையில் இருப்பது' என்ற வரிக்குப் பக்கத்திலேயே 'ஊரில் இருக்கும் ஸ்டிக்கர்' என்ற வரியும் இருக்க வேண்டும். விற்ற ஸ்டிக்கரிலிருந்து திரும்பியதைக் கழித்தால் அது கிடைத்துவிடும். இந்த ஒரு வரியை எழுதாத குழு எப்போது கவிழும் என்பது அதற்கே தெரியாது.

ஒரு நாள் திட்டத்தை நிறுத்த வேண்டி வந்தாலும் இந்த வரிதான் காப்பாற்றும். ஸ்டிக்கர் விற்பதை நிறுத்திவிட்டு, எட்டு வாரமாவது பாட்டிலை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பணம் இருக்கிறதா என்று அந்த வரியைப் பார்த்தாலே தெரியும்.

ஏமாற்று எங்கே நடக்கும், எப்படித் தெரியும்

ஸ்டிக்கர் பணம் என்றால் பணத்துக்கு வரும் எல்லா நோயும் அதற்கும் வரும். முதல் வகை, ஒரே பாட்டிலுக்கு இரண்டு முறை பணம் வாங்குவது. கடையின் பின்புறம் கிடக்கும் சாக்கிலிருந்து எடுத்து அடுத்த கடையில் கொடுத்தால் யாருக்கும் தெரியாது. அதனால் கடைக்காரர் பாட்டிலை வாங்கியவுடனே ஸ்டிக்கரின் குறுக்கே அழியாத மையால் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். கோடு போட்டது கடைக்குக் கடை செல்லாது, குழுவிடம் மட்டும் செல்லும். 100 பாட்டில் நிறைந்த சாக்கின் வாயை எண் உள்ள பூட்டுநாடாவால் கட்டி, அந்த எண்ணைச் சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

சாக்கை எடைபோட்டு எண்ணிக்கையைக் கண்டுபிடிக்கலாம் என்று ஆசை வரும். 100 பாட்டில் 2 கிலோதான். ஆனால் ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு தேக்கரண்டி பானம் மிச்சம் இருந்தால் அதுவே பாட்டிலின் பாதி எடைக்கு மேல் வரும், கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும். எல்லாச் சாக்கையும் எண்ணவும் நேரம் இருக்காது. பத்துக்கு ஒரு சாக்கைக் குலுக்கல் முறையில் எடுத்து எண்ணி, குறைந்தால் அந்தக் கடையின் அந்த நடைச் சாக்குகளை எல்லாம் எண்ணுவது போதுமானது. இந்த விதி எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும், அப்போதுதான் எண்ணுவது அவமானமாகத் தோன்றாது.

இரண்டாவது வகை, கள்ள ஸ்டிக்கர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறத்தை மாற்றி, ஒவ்வொரு நிறத்திலும் எத்தனை விற்றோம், எத்தனை திரும்பியது என்று தனித்தனியாகப் பார்த்தால் இது தெரிந்துவிடும். நேர்மையாக நடக்கும் இடத்தில் எப்போதும் கொஞ்சம் பாட்டில் தொலையும், ஊரைவிட்டுப் போகும், நசுங்கும். ஒரு நிறத்தில் விற்றதில் 95 சதவீதத்துக்கு மேல் திரும்பி வந்திருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சாக்கைத் திறந்து ஸ்டிக்கர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 100-ஐத் தாண்டினால் பார்க்கவே வேண்டியதில்லை, எங்கோ அச்சடிக்கிறார்கள்.

மூன்றாவது வகைதான் சிக்கலானது. கடைக்காரர் டெபாசிட்டை வாங்கிக்கொண்டு ஸ்டிக்கரை ஒட்டாமல் விடுவது, அல்லது ஸ்டிக்கரும் இல்லாமல் டெபாசிட்டும் வாங்காமல் மற்றவரைவிட 2 காசு குறைவாக விற்பது. முதலாவதை வாடிக்கையாளரே காட்டிக்கொடுத்துவிடுவார், பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க முடியாதபோது. இரண்டாவதை வாடிக்கையாளர் ஏன் சொல்லப்போகிறார், அவருக்கு விலை குறைவு. அதற்குத்தான் விநியோகஸ்தரின் தகவல். ஒரு கடைக்குப் போன கட்டுகளையும் அந்தக் கடை வாங்கிய ஸ்டிக்கரையும் மாதம் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரியும். பத்தில் ஒரு பங்கு குறைவு என்றால் அது கவனக்குறைவாக இருக்கலாம். பாதிதான் இருக்கிறது என்றால் போய்ப் பேச வேண்டும்.

திட்டத்தில் சேராத கடை ஒன்று பக்கத்திலேயே இருந்து 2 காசு குறைத்து விற்றால் என்ன செய்வது என்பதற்குக் குழுவிடம் முழுமையான பதில் கிடையாது. ஒரே தெருவில் இருக்கும் கடைகள் எல்லாம் சேர்ந்தால்தான் அந்தத் தெருவில் தொடங்க வேண்டும் என்ற விதி ஓரளவு உதவும். ஊர் முழுக்கச் சிதறிய இருபது கடைகளைவிட, அடுத்தடுத்து இருக்கும் பன்னிரண்டு கடைகள் நல்ல தொடக்கம். அதற்கு மேல் உள்ளாட்சி ஒரு விதி போட்டால்தான் சரியாகும்.

மூட்டையோடு வருபவர்

ஒரே நேரத்தில் 300 பாட்டிலோடு ஒருவர் வந்து நிற்பார். தெருவிலும் திடலிலும் காலி பாட்டில் பொறுக்கிப் பிழைப்பவர். விற்றதில் 80, 90 சதவீதம் திரும்பி வருவதற்கு இவர்தான் பெரிய காரணம். தூக்கிப் போட்டதைக்கூட எடுத்து வருபவர் அவர் ஒருவர்தான். ஆனால் சின்னக் கடையால் ஒரே நேரத்தில் 600 காசு எடுத்துக் கொடுக்கவும் முடியாது, மூன்று சாக்கு வைக்கவும் முடியாது. கடையில் ஒருவருக்கு ஒருமுறை 20 பாட்டில் என்று வரம்பு வைப்பது அவசியம். அப்படி வைத்துவிட்டு வேறு ஏற்பாடு செய்யாமல் இருந்தால், அவரிடம் பாட்டில் ஒன்றுக்கு 1 காசு கொடுத்து வாங்கி, நாலைந்து கடைகளில் பிரித்துக் கொடுத்து 2 காசு வாங்கும் இடையாள் ஒருவர் உடனே முளைத்துவிடுவார்.

அதனால் குழுவின் சேமிப்பு இடத்திலேயே, வாரம் முழுக்க இல்லாவிட்டாலும் குறித்த நாட்களில் குறித்த நேரத்தில், வரம்பு இல்லாமல் வாங்கி முழு டெபாசிட்டையும் உடனே கையில் கொடுக்க வேண்டும். இங்கே வாங்கும் பாட்டிலுக்குக் கடைக்கான 0.3 காசு கூலி மிச்சமாகிறது, வண்டிச் செலவும் இல்லை. அந்த மிச்சத்தில் ஒரு பங்கை, 0.1 காசையாவது, கொண்டு வருபவருக்கே சேர்த்துக் கொடுக்கலாம். நூறு பாட்டிலுக்கு 10 காசு. தூக்கிச் சுமந்து வருவது அவர்தானே. அங்கே ஸ்டிக்கர் இல்லாத பாட்டிலையும் எடைக்கு எடை வாங்கிக்கொண்டால், அவர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே பிரித்து வைக்க வேண்டியதில்லை. ஸ்டிக்கர் உள்ளது ஒரு பக்கம், இல்லாதது தராசில். இரண்டு கணக்கும் ஒரே சீட்டில் எழுதி, கையில் பணமாகக் கொடுத்துவிடலாம்.